மூன்று நிமிடம், நான்கு நன்றி: ஒரு நர்ஸின் மேடை அனுபவம்

ஐந்து வருடங்களுக்கு முன்னால் எங்கள் வார்டின் ஆண்டிறுதிக் கூட்டத்தில் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சின்ன நிகழ்ச்சிதான். டீ, சமோசா, நாலு வார்த்தை பேச்சு. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து பெயர்களை எழுதி வைத்திருந்தேன். மேட்ரனில் தொடங்கி 23 பேருக்கு நன்றி சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் கைதட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த எங்கள் ஜெனரல் ஆர்டர்லி அம்மாவும் 23 முறை கைதட்டினார். பட்டியல் முடிந்தது. அவர் பெயர் அதில் இல்லை.

மறுநாள் காலை நான் டியூட்டிக்கு வந்தபோது, முந்தைய நாள் வீட்டுக்குப் போன ஒரு குழந்தையின் இன்குபேட்டரை அவர் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வேலை செய்வது குறைமாதக் குழந்தைகள் வார்டு. அங்கே இன்குபேட்டரைத் துடைப்பது என்பது மேலே ஒரு துணியை ஓட்டுகிற வேலை இல்லை. மெத்தையை எடுக்க வேண்டும், தட்டை உருவ வேண்டும், கை நுழைக்கிற ஓட்டைகளைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையங்களைக் கழற்றி, அதன் இடுக்கில் ஈரம் இல்லாமல் காயவைத்து மாட்ட வேண்டும். அந்த இடுக்கில் ஈரம் நின்றால் கிருமி அங்கேதான் குடியிருக்கும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது போதும். அதை யாரும் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் செய்தவரை நான் மறந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, சிஸ்டர்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

எனக்கு அதற்கு அப்புறம் மேடையில் நன்றி சொல்வது என்றாலே பயம். இந்த வருடம் மே மாதம், தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்ச் சங்கம் நர்ஸ்கள் தினத்தை ஒட்டி எனக்கு விருது தரப்போகிறோம், மூன்று நிமிடம் பேசுங்கள் என்று சொன்னபோது அந்த இன்குபேட்டர்தான் முதலில் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை எப்படித் தயாரித்தேன், எதை வெட்டினேன், எங்கே தடுமாறினேன் என்பதை எழுதுகிறேன். நம் பெண்கள் டர்பனில் நிறைய பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். யாராவது ஒருவருக்குப் பயன்படும்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி டர்பன் வந்தேன். என் கணவர் குடும்பம் தலைமுறைகளாக இங்கேயே இருப்பவர்கள். 1860இல் மெட்ராசிலிருந்து முதல் கப்பல் வந்ததற்குப் பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி. வீட்டில் மாமியார் தமிழ் பேசுவார், பிள்ளைகள் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். வார்டில் பாதி நேரம் ஜூலு. மூன்று மொழியிலும் நன்றிக்கடன் இருக்கிறது என்பது பேச்சு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

முதல் வரைவு தானாக வந்தது. "மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, விழாக் குழுவினரே" என்று தொடங்கி, "இந்த நல்ல தருணத்தில் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று போய், 19 பெயர்கள். சமையலறையில் போனில் டைமர் வைத்துச் சத்தமாக வாசித்தேன். ஆறு நிமிடம் நாற்பது விநாடி. சரி, வேகமாக வாசிக்கலாம் என்று பார்த்தேன். ஐந்தரை நிமிடம் வந்தது, மூச்சு வாங்கியது.

அப்புறம் ஒரு பெயரை மட்டும் தனியாக வாசித்து அளந்தேன். "எங்கள் பிரிவின் முன்னாள் பொறுப்பாளர் சகோதரி இன்னார் அவர்களுக்கு என் இதயம் கனிந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதைச் சொல்லி, அடுத்த பெயருக்கு முன் மூச்சு எடுக்கப் பத்து விநாடி ஆனது. 19 பேருக்கு 190 விநாடி. எனக்குக் கொடுத்த நேரமே 180 விநாடிதான். வேறு ஒரு வார்த்தை பேசாமல் பெயர்களை மட்டும் வாசித்தாலும் நேரம் தாண்டும். வேகத்தைக் கூட்டுவதாலோ இங்கே ஒரு வார்த்தை அங்கே ஒரு வார்த்தை குறைப்பதாலோ இது சரியாகாது என்று அந்தக் கணக்கு சொல்லிவிட்டது. பெயர்ப் பட்டியல் என்கிற வடிவத்தையே விட வேண்டும்.

விடுவதற்கு வழி காட்டியது என் மகள். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தவள், ஏழாவதோ எட்டாவதோ பெயர் வந்தபோது, "அவங்க என்ன செஞ்சாங்கம்மா?" என்று கேட்டாள். "ரொம்ப ஆதரவா இருந்தாங்க" என்றேன். "அப்படின்னா என்ன செஞ்சாங்க?" என்று மறுபடியும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியை வைத்து 19 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் செய்த ஒரு காரியத்தை எழுதிப் பார்த்தேன். கையால் செய்த காரியமாக, கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். "ஊக்கம் கொடுத்தார்", "உறுதுணையாக இருந்தார்", "ஒத்துழைத்தார்" என்று மட்டும் எழுத முடிந்த இடங்களில் ஒரு கோடு போட்டேன். பதினோரு கோடு விழுந்தது. அவர்கள் நல்லவர்கள் இல்லை என்பது இதற்குப் பொருள் இல்லை. மேடையில் நின்று சொல்ல என்னிடம் ஒரு சம்பவம் இல்லை, அவ்வளவுதான். சம்பவம் இல்லாத நன்றி கேட்பவருக்கு வெறும் பெயராகத்தான் போய்ச் சேரும்.

மிச்சம் எட்டு பேர். மூன்று நிமிடத்துக்கு அதுவும் அதிகம். ஒரு காரியத்தை ஒழுங்காகச் சொல்ல முப்பது முதல் நாற்பது விநாடி வேண்டும். வணக்கத்துக்கும் முடிவுக்கும் முப்பது விநாடி ஒதுக்கினால் நான்கு பேருக்குத்தான் இடம். இந்த எட்டில் நான்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? பதவியை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. யார் இல்லையென்றால் என் வேலை அன்றைக்கே நின்றிருக்கும் என்று பார்த்தேன். ஒருவர் வேலை கற்றுத் தந்தவர், ஒருவர் வேலை நடக்கிற இடத்தைக் காத்தவர், ஒருவர் வீட்டைக் காத்தவர். நான்காவது, யாருக்காக அந்த வேலையோ அவர்கள். இந்த நான்கும் எந்த நர்ஸின் வாழ்க்கையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மற்ற பதினைந்து பேரை விட்டுவிடவில்லை. விழாவுக்கு முந்தைய வாரத்தில் தினமும் இரண்டு மூன்று பேருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், அல்லது நேரில் சொன்னேன். விழாவுக்கு முன்னால் சொல்வது முக்கியம். பின்னால் சொன்னால் மறந்துபோனதற்குச் சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும். "மேடையில் நேரம் இல்லை, அதனால் உங்களிடம் நேரிலேயே சொல்கிறேன்" என்று சொன்னபோது பலர் மேடையை விட அதையே விரும்பினார்கள். கோடு போட்ட பதினோரு பேரில் இரண்டு பேர், அவர்கள் எனக்குச் செய்த காரியத்தை அப்போது அவர்களே ஞாபகப்படுத்தினார்கள்.

அடுத்து நிகழ்ச்சி நிரல். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். எங்கள் நிரலில் கடைசிக்கு முந்தைய வரியில் 'நன்றியுரை' என்று தனியாகச் சங்கத்துச் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் பெயரில் இருந்தது. அப்படியென்றால் மண்டபம் தந்தவர், சாப்பாட்டுக்கு உதவியவர், மேளம் வாசித்தவர், நன்கொடையாளர் எல்லோருக்கும் அவர் நன்றி சொல்லப் போகிறார். நான் சொன்னால் அவருடைய வேலையை நான் செய்வதாகும், கூட்டமும் இரண்டு தடவை கேட்கும். என் வரைவில் நாற்பது விநாடி அங்கேயே போயிற்று.

தலைவர்களை விளிப்பதற்கு இந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பல கூட்டங்களில் பேச எழுபவர், நிகழ்ச்சியை நடத்துபவரை 'ப்ரோகிராம் டைரக்டர்' என்று விளித்து, 'ஆல் ப்ரோட்டோகால் அப்சர்வ்டு' என்று ஒரு வரி சொல்வார். மேடையில் இருக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் உரிய மரியாதை செலுத்தியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு வரிக்குப் பிறகு கவுன்சிலர் பெயரைச் சொல்லவில்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம் தமிழ் மேடைகளில் இதைப் பயன்படுத்தத் தயங்குகிறோம். நான் தமிழிலேயே சொன்னேன்: "ப்ரோகிராம் டைரக்டர், சபையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்." முடிந்தது.

நர்ஸ்கள் தினம் ஏன் மே 12 என்பதையும் வெட்டினேன். அது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள் என்பதை எனக்கு முன்னால் பேசுபவர்களில் ஒருவராவது சொல்வார் என்று நினைத்தேன். மூன்று பேர் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது நோயாளிகள் பகுதி. முதல் வரைவில் ஒரு குழந்தையின் கதையை முழுதாக எழுதியிருந்தேன். பெயர் இல்லை. ஆனால் எந்த வருடம், அம்மா என்ன வேலை பார்க்கிறார், பிரசவத்தில் என்ன விசேஷம் என்பதெல்லாம் இருந்தது. வாசித்துப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. சாட்ஸ்வொர்த்தில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு. எந்தக் குடியிருப்புப் பகுதி, எந்தக் கோவில், யார் வீட்டு மருமகள் என்று மூன்று கேள்வியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை மறைத்தால் போதாது. இடம், காலம், அரிதான ஒரு விஷயம் இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே ஆள் வெளியே தெரிந்துவிடும். நோயாளியின் தகவல் ரகசியம் என்பது இங்கே சட்டம், 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. விருது மேடை அதற்கு விலக்கு இல்லை. அந்த அம்மாவிடம் அனுமதி கேட்கலாமா என்றும் யோசித்தேன். எனக்குக் கடமைப்பட்டதாக நினைக்கும் ஒரு தாயால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. குழந்தையாலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு தாயின் கதையை எடுத்துவிட்டு, எங்கள் வார்டுக்கு வரும் எல்லாத் தாய்மார்களும் செய்கிற ஒரு காரியத்தை எழுதினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் பீய்ச்சித் தருவது. அது யாருடைய ரகசியமும் இல்லை, ஆனால் பார்த்தவர்களுக்கு மட்டுமே அதன் கஷ்டம் தெரியும்.

மொழி அடுத்த கேள்வி. எங்கள் ஹாலில் வயதானவர்களுக்குத் தமிழ் வேண்டும், இளையவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். வழக்கமாக ஒரே விஷயத்தை இரண்டிலும் சொல்வோம். அப்படிச் செய்தால் மூன்று நிமிடப் பேச்சில் ஒன்றரை நிமிடச் சரக்குத்தான் இருக்கும். நான் செய்தது, யாருக்கு நன்றி சொல்கிறேனோ அவர் மொழியில் சொல்வது, திருப்பிச் சொல்லாமல் விடுவது. ஜூலு பேசும் சகோதரிக்கு நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லி நன்றியை ஜூலுவில், ஆர்டர்லி அம்மாவுக்கு ஆங்கிலத்தில், மாமியாருக்குத் தமிழில். புரியாதவர்கள் யாராவது இருந்தாலும், நான் யாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்பதிலிருந்தே பாதி புரிந்துவிடும்.

ஜூலுவில் பெரிய பெண்மணியை 'மாமா' என்று மரியாதையாக அழைக்கலாம், அம்மா என்று பொருள். ஆனால் நம் ஹாலில் அந்தச் சொல் விழுந்தால் தமிழ்க் காதுக்கு வேறு உறவாகக் கேட்கும், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் அக்கா என்ற பொருளில் 'சிசி' என்று வைத்துக்கொண்டேன். ஜூலு மக்களிடம் இன்னொரு அழகான வழக்கம் உண்டு. மரியாதையாக நன்றி சொல்லும்போது குலத்தின் புகழ்ப்பெயரால் அழைப்பார்கள். குமாலோ குலத்தவர் என்றால் 'ம்ன்டுங்வா' என்பார்கள். எங்கள் சகோதரியின் குலப்பெயரை வார்டில் இன்னொரு ஜூலு நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உச்சரிப்பைப் பத்து தடவையாவது சொல்லிப் பழகினேன். வேற்று மொழியில் நன்றி சொல்லும்போது உச்சரிப்பைத் தப்பாகச் சொன்னால் நன்றியே அரைகுறையாகிவிடும்.

தமிழ்ப் பகுதியில் ஒரே ஒரு மாற்றம் பேச்சை அப்படியே திருப்பிவிட்டது. "என் மாமியார் அவர்களுக்கு நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பது அவரைப் பற்றி ஊரிடம் சொல்வது. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நேராக அவரிடமே சொன்னால் என்ன? "அத்தை, நன்றி." ஐந்து வார்த்தை இரண்டாகியது. 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்பதை எங்கெல்லாம் எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் இப்படி முன்னிலைக்கு மாற்றினேன்.

கடைசியில் நின்ற பேச்சு இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னதையும் தமிழிலேயே தருகிறேன். நடுவில் வரும் ஜூலு வரிக்கு 'அக்கா, நீங்கள் எனக்குக் கற்றுத் தந்தீர்கள், நன்றி' என்று பொருள்.

"ப்ரோகிராம் டைரக்டர், சபையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இந்த விருதை எனக்குத் தந்த சங்கத்துக்கு நன்றி.

நான் இந்த வார்டுக்கு வந்த புதிதில், ஒரு ராத்திரி, ஒரு குழந்தையின் உடம்புச் சூடு 36.1க்கு இறங்கியது. எல்லா இன்குபேட்டரிலும் ஆள் இருந்தது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு சகோதரி குழந்தையைத் தூக்கி, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்து, ஒரு துணியால் இறுக்கிக் கட்டினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் சூடு 36.6. அன்றிலிருந்து நான் எத்தனையோ குழந்தைகளை அப்படிக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முடிச்சும் அவர் சொல்லித் தந்தது. சிசி, உங்கிஃபுண்டிசிலே. ங்கியாபோங்கா.

இன்குபேட்டர் ஜன்னலைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கழற்றித் துடைக்காவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. குழந்தைக்கு மட்டும் தெரியும். எங்கள் வார்டில் ஒருவர் ஒவ்வொரு வளையத்தையும் ஒவ்வொரு தடவையும் கழற்றுகிறார். ஐந்து வருடங்களுக்கு முன்னால் நான் அவர் பெயரைச் சொல்ல மறந்தேன். இன்று முதலில் நினைத்தது அவரைத்தான். நன்றி.

எங்கள் வார்டுக்கு வரும் தாய்மார்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் பகலும், கையால் பால் பீய்ச்சித் தருகிறார்கள். முதல் நாட்களில் ஒரு சிரிஞ்சின் அடி நனையும் அளவுதான் வரும். அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு 'போதுமா, சிஸ்டர்?' என்று கேட்பார்கள். போதும், அம்மா. நன்றி.

அத்தை, நைட் டியூட்டி முடிந்து நான் வந்து படுக்கும்போது நீங்கள் டெலிபோன் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவீர்கள். வருகிறவர்களையெல்லாம் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவீர்கள். நான் தூங்கியதால்தான் அடுத்த ராத்திரி என் கை நடுங்காமல் மருந்தை அளக்க முடிந்தது. நன்றி, அத்தை. வணக்கம்."

வீட்டில் இது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி வந்தது. இருபது விநாடியை வேண்டுமென்றே விட்டுவைத்தேன், கைதட்டலுக்கும் மூச்சுக்கும்.

பழகும்போது ஒன்று தெரிந்தது. "போதும், அம்மா" என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது. முதலில் அந்தப் பகுதியைக் கடைசியில்தான் வைத்திருந்தேன். அங்கே உடைந்தால் பேச்சு அழுகையில் முடியும், மாமியாருக்குச் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போகும். மூன்றாவதாக மாற்றினேன். அதற்குப் பிறகு வரும் பகுதி டெலிபோன் வயர், நாற்காலி என்று சாதாரணப் பொருள்களால் ஆனது, குரல் அதில் தானாக நிலைக்கு வந்துவிடுகிறது. உங்கள் பேச்சில் எந்த வரி தொண்டையை அடைக்கிறது என்பதைச் சத்தமாக வாசித்துத்தான் கண்டுபிடிக்க முடியும், மனதுக்குள் வாசித்தால் தெரியாது. கண்டுபிடித்ததும் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

போனைப் பார்த்து வாசிக்கவில்லை. மேடையில் திரை அணைந்துவிடும், அல்லது ஏதாவது மெசேஜ் வந்து மேலே நிற்கும். தபால் அட்டை அளவில் ஒரு அட்டை வைத்திருந்தேன். அதில் முழுப் பேச்சு இல்லை. பெரிய எழுத்தில் நான்கு வார்த்தைகள்: துணி, வளையம், சிரிஞ்ச், வயர். கூடவே குலப்பெயரும் ஜூலு வாக்கியமும் தமிழ் எழுத்தில். பொருளைப் பார்த்தால் சம்பவம் ஞாபகம் வரும், சம்பவம் வந்தால் வாக்கியம் வரும். விருதுக் கேடயம் கையில் இருந்தால் அட்டையைப் பிடிக்க முடியாது என்பதால், வாங்கியதும் அதை என் கணவரிடம் கொடுத்துவிடுவதாகப் பேசி வைத்திருந்தோம்.

அன்றைக்கு நிகழ்ச்சி நாற்பது நிமிடம் தாமதமாக ஓடியது. பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை வரத் தொடங்கிவிட்டது. நான் மேடைக்கு நடக்கும்போது நிகழ்ச்சியை நடத்துபவர் மெதுவாக, "சிஸ்டர், ரெண்டு நிமிஷம்" என்றார். இப்படி ஆகும் என்று முன்பே யோசித்து, எதை விடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். மேடையில் நின்று யோசித்தால் கை தவறி முக்கியமானதைத்தான் விடுவோம். சிசி பகுதியில் "எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை" என்பதிலிருந்து நாற்காலி வரை உள்ளதைச் சுருக்கி, கட்டிய துணியையும் சூட்டையும் மட்டும் சொன்னேன். ஆளை விடவில்லை, வர்ணனையை விட்டேன். மகள் எடுத்த வீடியோவில் பார்த்தால் இரண்டு நிமிடம் பதினைந்து விநாடி.

சிசி ஹாலுக்கு வந்திருந்தார். குலப்பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் உட்காரும் வரை பேசாமல் நின்றேன். அந்த ஏழெட்டு விநாடி மௌனம் வீடியோவில் நீளமாகத் தெரியவில்லை.

எல்லாம் சரியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. என் நாத்தனாருக்கு வருத்தம். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து அவர்தான் கூட்டிக்கொண்டு வருவார். அந்த எட்டில் அவர் பெயரும் இருந்தது. முந்தைய வாரமே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஆனால் மேடையில் அத்தை பெயர் வந்து தன் பெயர் வராதது அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் பார்த்தபோது பேச்சு குறைவாகத்தான் இருந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவரை மேடையில் சொல்லி ஒருவரை வீட்டில் சொல்வது என்பது கஷ்டமான தேர்வு. மறுபடியும் செய்தால், "அத்தை, அண்ணி, நீங்கள் இரண்டு பேரும்" என்று ஒரே மூச்சில் சேர்த்து, பள்ளிக்கூட வாசலை ஒரு வரியில் சொல்லியிருப்பேன். ஐந்து விநாடி போதும்.

ஆர்டர்லி அம்மாவுக்கு அன்று டியூட்டி, வர முடியவில்லை. செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் லினன் அறையில் அவரைக் கூப்பிட்டு மகளின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரப்பர் வருமே, சிஸ்டர், அங்கேயிருந்து இன்னொரு தடவை போடுங்க" என்றார்.